சீனியர் பதவி தேடும் இன்ஜினியர் தன் பதிவில் எதை எழுத வேண்டும்?

லிங்க்ட்இன்னில் இன்ஜினியர்கள் எழுதும் அனுபவப் பதிவுகளில் பல ஒரே அச்சு: ராத்திரி சிஸ்டம் விழுந்தது, தூங்காமல் உட்கார்ந்தேன், விடிவதற்குள் சரிசெய்தேன். படிப்பவருக்கு நல்ல உழைப்பாளி என்று தோன்றும், அவ்வளவுதான். சீனியர் பதவிக்கு ஆள் எடுப்பவர் பார்ப்பது வேறு. நாலு வழி இருந்தபோது அந்த இன்ஜினியர் எதை விட்டார், ஏன் விட்டார் என்பதுதான் அவருக்கு வேண்டும். பதிவில் பாதி இடம் அதற்கே போக வேண்டும் என்பேன்.

ஒரு உதாரணம். பேமென்ட் சர்வீஸ் கூட்ட நேரத்தில் தொங்குகிறது. போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷன்கள் தீர்ந்துவிட்டன. `pg_stat_activity`-இல் பார்த்தால் பெரும்பாலானவை `idle in transaction`. டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்தபடியே கோட் வங்கியின் ஏபிஐ பதிலுக்குக் காத்திருக்கிறது.

இதை எழுதும்போது முதல் இரண்டு வரியிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள்: "கனெக்‌ஷனைக் கூட்டலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். வங்கி அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்தோம்." ஃபீடில் முதல் சில வரிகள்தான் தெரியும், மிச்சம் மடிந்துவிடும். பீடிகை போட்டால் அந்த இடம் வீண்.

அடுத்து, கைவிட்ட வழிகள். `max_connections`-ஐக் கூட்டினால் அதே நெரிசல் கொஞ்சம் தள்ளி வரும், மெமரியும் கூடுதலாகப் போகும். கனெக்‌ஷன் பூலர் வைத்தாலும் பயனில்லை, டிரான்சாக்‌ஷன் முடியாமல் அது கனெக்‌ஷனை வேறொருவருக்குத் தராது. இந்த இரண்டு வாக்கியம் போதும், விஷயம் தெரிந்தவர் உங்களை எடைபோட்டுவிடுவார்.

அதற்குப் பிறகு, எடுத்த முடிவுக்குக் கொடுத்த விலை. பலர் இதை விழுங்கிவிடுகிறார்கள், அதனால்தான் பதிவு விளம்பரம் போல ஆகிறது. அழைப்பை வெளியே எடுத்தாலும், வங்கியில் பணம் போன பிறகு, அதை நம் பக்கம் பதிவு செய்வதற்குள் சர்வர் விழ வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் "பெண்டிங்" என்று எழுதி கமிட் செய்ய வேண்டும். மறுபடி அழைத்தாலும் இருமுறை பணம் பிடிக்காதபடி ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வேண்டும். பெண்டிங்கில் சிக்கியவற்றைத் தேடிச் சரிசெய்ய ஒரு ஜாபும் வேண்டும். இந்தக் கூடுதல் வேலையை ஏன் ஏற்றீர்கள் என்று எழுதுங்கள்.

"நான்", "நாங்கள்" இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போடாதீர்கள். முடிவு உங்களுடையது என்றால் நான், ஜாபை எழுதியது சக இன்ஜினியர் என்றால் அதையும் சொல்லுங்கள். எல்லாம் நாங்கள் என்றால் உங்கள் பங்கு தெரியாது. எல்லாம் நான் என்றால் டீமில் இருப்பவர்களே நம்பமாட்டார்கள். நிறுவனத்தின் உள் எண்களை வெளியிடாதீர்கள். "காத்திருப்பு பாதியாகக் குறைந்தது" போன்ற விகிதத்துக்கும் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

போடுவதற்கு முன் வேறு டீம் ஆள் ஒருவரிடம் கொடுத்து, "இதில் நான் என்ன முடிவு எடுத்தேன்?" என்று கேளுங்கள். "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க" என்று பதில் வந்தால், நடுப்பகுதியைத் திரும்ப எழுத வேண்டும்.

கடைசி வரியில் "உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டால் வாழ்த்துதான் வரும். "பெண்டிங்கில் சிக்கியவற்றை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், அதே வேலையைச் செய்பவர்கள் வந்து பேசுவார்கள்.