தேய்ந்த முட்டிக்கு முழு ஓய்வு?

முட்டி தேய்ந்துவிட்டது என்றால் பலரும் சொல்வது இது: "மூட்டு தேஞ்சா தேஞ்சதுதான். நடந்தா இன்னும் தேயும், அம்மாவை உட்கார வச்சுடுங்க."

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. முட்டி மடங்கி நீளும்போதுதான் மூட்டுநீர் வழியாக அதற்குச் சத்து போகிறது. உட்கார்ந்தே இருந்தால் தொடையின் முன்தசை மெலிந்து, பாரம் நேராக மூட்டில் இறங்கும்.

என் அம்மா இரண்டு மாதம் ஓய்வெடுத்தார். அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது எளிய பயிற்சி: முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டு, அதை அழுத்தி 5 விநாடி, 10 முறை. பிறகு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வித்தியாசம் தெரிய எட்டு வாரம் ஆனது. தேய்ந்தது வளரவில்லை, வலி குறைந்தது.

செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

படி ஏறவே கூடாது என்று சிலர் சொல்வது பாதி சரி. வலி அதிகமுள்ள நாட்களில் குறைக்கலாம், ஆயுசுக்கும் அல்ல. ஜவ்வு கிழிந்திருந்தால் அது வேறு பிரச்சினை. முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.