அழுத்தினால் வலிப்பதாலேயே தசைப்பிடிப்பு ஆகிவிடாது

சிலிண்டர் தூக்கிய பிறகு நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு வந்த பதில் இது: “விரலால் அழுத்தினால் வலிக்குதா? அப்போ தசைப்பிடிப்புதான், ஹார்ட்டோ நுரையீரலோ இல்லை. தைலம் தடவினால் போதும்.”

பாதி சரி. ஒரு விரல் வைக்கும் இடத்தில், அழுத்தும்போது அதே வலி அப்படியே வந்தால் விலா, தசை பக்கம்தான் சந்தேகம் அதிகம். ஆனால் அது மாரடைப்பையோ நுரையீரல் ரத்தக்கட்டையோ முழுதாக விலக்காது.

என் அண்ணனுக்குக் கால் முறிந்து மூன்று வாரம் மாவுக்கட்டு. திடீரென வலது விலாவில், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, அழுத்தினாலும் வலித்தது. ஊன்றுகோல் பிடித்ததால் வந்த சுளுக்கு என்று நினைத்தோம். ஆனால் குளியலறை வரை போய்வரவே மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் வீங்கியிருந்தது. ஈசிஜி நார்மல். அப்புறம் மருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில்தான் நுரையீரலில் ரத்தக்கட்டு தெரிந்தது.

கேட்டவர் சிலிண்டர் தூக்கியிருக்கிறார், சுளுக்காகவே இருக்கலாம். இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. மூச்சுத்திணறல், வியர்வை, மயக்கம், இருமலில் ரத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் தைலத்தை வைத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.