கிணற்றில் போட்ட கல்லும் பத்து மீட்டர் கணக்கும்

கிணத்து ஆழம் பார்க்க ஒரு தம்பி இப்படி ஒரு வழி சொல்லியிருக்காரு: "கல்லைப் போட்டு, தண்ணியில விழுற சத்தம் கேட்க எத்தனை நொடியோ, அதைப் பத்தால பெருக்குங்க, ஆழம் மீட்டர்ல வந்துடும். 2 நொடி கிணத்துல சரியா இருந்துச்சு."

அது தற்செயல், தம்பி. கல் போகப்போக வேகமெடுக்கும். நொடியை அதாலேயே பெருக்கி, பிறகு 4.9ஆல பெருக்கணும். 2 நொடிக்கு 19.6 வருது, அதான் உங்க 20 தப்பிச்சுது. சுங்கை சிப்புட் பக்கம் எங்க லயத்துக் கிணத்துல 1 நொடியிலயே 'தொபுக்'னு கேட்கும். உங்க கணக்குல 10 மீட்டர். நிஜத்துல 5கூட இல்ல. 3 நொடின்னா 30 இல்ல, சத்தம் மேல வர்ற நேரத்தைக் கழிச்சும் 40 இருக்கும்.

இங்க பதில் போட்ட அண்ணன் ஒருத்தர், சத்தம் மேல வர்ற அந்த நேரத்தைத்தான் பெரிய குத்தமா சொல்றாரு. இருக்கு, ஆனா 2 நொடியில அது 1 மீட்டர் வித்தியாசம்தான். ஸ்டாப்வாட்ச்சை 0.2 நொடி லேட்டா அமுக்கினாலே சுமார் நாலு மீட்டர் கூடிடும்!

கிணத்துல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு கேட்ட அக்கா, அதைக் கல் சொல்லாது. தண்ணி மட்டம் வரைக்கும்தான் இந்தக் கணக்கு. தண்ணி ஆழம் தெரியணும்னா கயிறுல கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்க.