காகிதப் பணமும் அதன் காலாவதித் தேதியும்

சீனாவின் சோங் வம்சம் என்றதும் வெடிமருந்து, திசைகாட்டி, காகிதப் பணம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். காகிதப் பணத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அங்கே பெரிய விஷயம் காகிதமே இல்லை.

கதை நடப்பது சிச்சுவானில். சீனாவின் மற்ற இடங்களில் செப்புக்காசு ஓட, அங்கே மட்டும் இரும்புக்காசு. நல்ல பட்டு ஒரு சுருள் வாங்க 20,000 சிறு காசு ஆகும். அதன் எடை ஏறக்குறைய 80 கிலோ! துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வரலாம், அதற்கான பணத்தைக் கொண்டுபோக வண்டி கட்டவேண்டும். அதனால் அங்குள்ள செங்டு நகர வணிகர்கள் காசை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் ஜியாவோஜி. வீடு, மரம், மனித உருவங்களை அச்சிட்டு, கறுப்பும் சிவப்பும் கலந்து முத்திரையிட்டு, கள்ளத்தாளைக் கண்டுபிடிக்க ரகசியக் குறியும் வைத்தார்கள்.

பிறகு இந்த உரிமை 16 பணக்காரக் குடும்பங்களுக்குப் போனது. அவர்கள் மக்கள் கொடுத்து வைத்த காசில் வீடும் நிலமும் வாங்கிப் போட்டார்கள். தாளைக் கொண்டுவந்து காசு கேட்டவர்களுக்குக் கொடுக்கக் கையில் இல்லை. கடை வாசலில் கூட்டம், கூச்சல், வழக்கு. கடைசியில் 1023-இல் அரசே இதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தது.

அந்த அலுவலகத்தின் விதிகளைத்தான் நான் மெச்சுகிறேன். 1024-இல் வந்த முதல் வெளியீடு சுமார் 12.5 லட்சம் சரம் (ஒரு சரம் என்றால் 1,000 காசு). அதற்கு ஈடாகப் பெட்டகத்தில் 3.6 லட்சம் சரம் இரும்புக்காசு, அதாவது கால் பங்குக்கு மேல். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டாண்டு ஆயுள். கெடு முடிந்தால் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கவேண்டும், சரத்துக்கு 30 காசு கட்டணம். கிழிந்ததும் கள்ளத்தாளும் தானாக வடிகட்டப்படும். எவ்வளவு தாள் வெளியே இருக்கிறது என்பதும் அரசுக்குத் தெரியும்.

இது பல பத்தாண்டுகள் நன்றாகவே ஓடியது. கெடுத்தது போர்ச்செலவு. முதலில், பழைய வெளியீடு இருக்கும்போதே அடுத்ததையும் சேர்த்துப் புழங்கவிட்டார்கள். அப்போதே தாள் இரட்டிப்பாகிவிட்டது. பிறகு வடமேற்கு எல்லையில் சண்டை மூள, படைக்குப் பணம் வேண்டும் என்று அச்சடித்துத் தள்ளினார்கள். பழைய அளவைப்போல 20 மடங்குக்கு மேல் போயிற்று. ஈட்டுக்காசு வைப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

1107 வாக்கில் தாளுக்குப் பெயரை மாற்றினார்கள். புதுத்தாள் ஒன்று வேண்டுமென்றால் பழசு நான்கு கொடுக்கவேண்டும். உழைத்துச் சேர்த்தவன் கையிலிருந்த நான்கில் மூன்று பங்கு ஒரே நாளில் போயிற்று. அதற்கும் பிறகு, 1,000 காசு என்று அச்சிட்ட தாளைச் சந்தையில் 100 காசுக்குக்கூட எடுக்க ஆளில்லை. தாளில் அச்சும் முத்திரையும் இருக்கத்தான் செய்தன. பெட்டகத்தில்தான் காசு இல்லை.