சிண்ட்ரோம் காட்டும் பிட் எப்போதும் கெட்ட பிட் அல்ல

"ஹாமிங் குறியீட்டில், தவறிய சோதனை பிட்களின் இட எண்களைக் கூட்டிக் கிடைக்கும் சிண்ட்ரோம் பூஜ்யம் இல்லையா, அது காட்டும் பிட்டைத் திருப்பிவிடுங்கள், எத்தனை பிட் கெட்டிருந்தாலும் சரியாகிவிடும்."

ஒரே ஒரு பிட் கெட்டிருந்தால் மட்டும்தான் இது சரி. 8 பிட் தரவோடு 1, 2, 4, 8 ஆம் இடங்களில் சோதனை பிட் வைத்த 12 பிட் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 6ஆம் பிட் புரண்டால் 2, 4 என்ற இரண்டு சோதனைகள் தவறும், கூட்டினால் 6, திருப்பினால் வேலை முடிந்தது. ஆனால் 3, 5 இரண்டும் சேர்ந்து புரண்டால், 0011-ஐயும் 0101-ஐயும் எக்ஸார் செய்து பாருங்கள், 0110, அதே 6 தான் வரும். நன்றாக இருந்த பிட்டைத் திருப்பி இரண்டு பிழையை மூன்றாக்கிவிடுவோம், அப்புறம் மறுபடி சோதித்தால் சிண்ட்ரோம் 0 என்று வேறு காட்டும், அதுதான் மோசம். மொத்தச் சொல்லுக்கும் ஒரு பாரிட்டி பிட் சேருங்கள்: சிண்ட்ரோம் பூஜ்யமில்லாமல் அந்தப் பாரிட்டி மட்டும் சரியாக இருந்தால் இரட்டைப் பிழை, எதையும் திருப்பாதீர்கள். மூன்று பிட் புரண்டால் இதுவும் ஏமாறலாம்.