என் தலையைப் பார்த்து என் ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் நடந்தது இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும், "நீ உட்காரும்மா, உனக்கெதுக்கு சிரமம்" என்று அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் என்மேல் பாசம் உள்ளவர்தான். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, தலைத்துணியைப் பார்த்துப் பேசினார். நான் தூக்கி வளர்த்த அக்கா மகளுக்கு நான் வளையல் போடவில்லை.

முடி போனதால் என் கேன்சர் முற்றிவிட்டது என்று நினைக்கிறீர்கள். முடியைக் கொட்டவைத்தது நோய் இல்லை, மருந்து. வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்கும். முடியின் வேரில் இருக்கும் செல்களும் அப்படிப் பெருகுபவைதான், அதனால் அவையும் சேர்ந்து அடிவாங்குகின்றன. எனக்கு முதல் நான்கு முறை ஏற்றிய சிவப்பு மருந்து, டாக்சோரூபிசின், அநேகமாக எல்லாருக்கும் தலையை வழித்துவிடும். வேறு சில மருந்துகளில் முடி மெலிவதோடு சரி. எந்த மருந்து என்பதுதான் கணக்கு, எந்த ஸ்டேஜ் என்பது இல்லை.

ஊசி போடும் வார்டில் ஒரு அக்கா பழக்கம். நோய் எலும்பு வரை போய், ஹார்மோன் மாத்திரையில் இருக்கிறார். இடுப்பு வரை பின்னல். எனக்கு இரண்டாம் ஸ்டேஜ். பார்க்க வருகிறவர்கள் என்னிடம் வந்து உச்சுக்கொட்டுவார்கள், அவரிடம் "நீங்க யாருக்குத் துணைக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தலையைப் பார்த்து ஆயுளைக் கணக்குப் போட்டால் இப்படி இரண்டு பேரையும்தான் காயப்படுத்துவீர்கள்.

"விக் வைத்துக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்களே" என்று சிலர் சொல்வீர்கள். வைத்தேன். செயற்கை இழை விக். ஒரு நாள் இட்லிப் பானையைத் திறக்கக் குனிந்தேன், ஆவி பட்டு முன்பக்கம் முழுக்கச் சுருண்டுவிட்டது. மே மாத வெயிலில் உள்ளே பருத்திக் குல்லா போட்டும் வேர்வை கழுத்தில் இறங்கியது. பட்டுத் துணி கட்டினால் வழுக்கிக்கொண்டே போகும். பழைய பருத்தித் துப்பட்டாதான் நிற்கிறது, அதைத்தான் கட்டுகிறேன். உங்கள் கண்ணுக்கு உறுத்தாமல் இருப்பதற்காக நான் வேகவேண்டுமா?

"உயிர்தான் முக்கியம், முடி வளரும்." தெரியும். மருந்து நின்ற சில வாரங்களில் முளைக்கத் தொடங்கும் என்று டாக்டரும் சொன்னார். ஆனால் முதல் ஊசி போட்டதிலிருந்து பதினாறாம் நாள் நீங்கள் என்னோடு இல்லை. இரண்டு நாள் முன்பே தலையில் வலி, இறுக்கிப் பின்னிய சடையை அவிழ்க்கும்போது வேரில் வலிக்குமே, அப்படி. அப்புறம் குளிக்கும்போது கைநிறைய வந்தது. வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. சவரக்கத்தி பட்டுக் காயமானால் கிருமி ஏறும் என்பதால் என் மகன் டிரிம்மரால் எடுத்துவிட்டான். பத்தொன்பது வயதுப் பையன், ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது புருவமும் இமை முடியும் போய்விட்டன. காற்றடித்தால் தூசி நேரே கண்ணில் விழுகிறது. எனக்கு உண்மையில் சிரமம் அதுதான். அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

"அக்கறையில் கேட்டால்கூடத் தப்பா?" கேட்பது தப்பில்லை. போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பூக்கார அம்மா "மொட்டை பழனிக்கா, திருப்பதிக்கா?" என்று கேட்டார். கேன்சர் மருந்து என்றேன். "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டுவிட்டு ஒரு முழம் மல்லி நறுக்கிக் கொடுத்தார். தலையில் வைக்க முடியாதே என்றேன். "கையில சுத்திக்கோ" என்றார். வீடு வரும்வரை மணத்துக்கொண்டே வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து அழவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை.

ஒதுக்குவது என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் பாட்டியின் அக்காவுக்கு இளம் வயதிலேயே கணவர் போய், தலையை மழித்துவிட்டார்கள். வீட்டில் நல்ல காரியம் என்றால் அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னைச் சுவரோரமாக உட்காரவைத்தபோது எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது. சிரமம் என்ற சொல்லால் அதை மூடாதீர்கள். ஒரு வளையலை ஏற்றுவதில் எனக்கு என்ன சிரமம்? முந்தின நாள் இரவு நாற்பது பேருக்கு வெற்றிலைப் பை போட்டது நான்தான்.

குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளுக்கு வருவேன். அதற்குள் கடைசி ஊசி முடிந்திருக்கும். தலையில் பஞ்சு மாதிரி கொஞ்சம் முளைத்திருக்கலாம், முளைக்காமலும் இருக்கலாம். குழந்தையை என் கையில் கொடுங்கள்.