"ஃபில்லட்டையெல்லாம் கடைசியில் போடு" என்பது பாதி உண்மைதான்

கணினியில் பொருட்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் கேட் மென்பொருள் பழகுகிறவர்கள் முதலில் கேட்கும் அறிவுரை இதுதான். கெட்ட அறிவுரை இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் பின்பற்றினால் மாடலை உடைப்பதும் இதேதான்.

ஃபில்லட் போடும்போது, அதாவது கூரான விளிம்பை வளைவாக்கும்போது, மென்பொருள் செய்வது என்ன? நீங்கள் கொடுத்த ஆரத்தில் ஒரு பந்தை எடுத்து, விளிம்பின் இரண்டு முகங்களையும் ஒரே நேரத்தில் தொட்டபடி உருட்டிப் பார்க்கிறது. தொடுவதற்கு முகம் தீர்ந்துபோனாலோ, பந்து புக முடியாத குறுகிய வளைவு வந்தாலோ, ஒரு முனையில் மேடும் பள்ளமுமான விளிம்புகள் சேர்ந்து வந்தாலோ அது தடுமாறும். இலவச கேட் மென்பொருளான ஃப்ரீகேட்டில் அப்போது வரும் செய்தி `BRep_API: command not done`. எந்த விளிம்பு, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. புண்ணியவான்!

ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 80 × 50 × 25 மிமீ, மேல்பக்கம் திறந்தது, சுவர் 2 மிமீ. வெளியே நான்கு செங்குத்து விளிம்புகளுக்கும் அடியில் நான்கு விளிம்புகளுக்கும் 5 மிமீ ஆரம். "கடைசியில் போடு" விதிப்படி முதலில் பெட்டியைக் குடைந்துவிட்டு, பிறகு வெளியே 5 மிமீ ஃபில்லட் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்மூலை இன்னும் கூராகவே இருக்கிறது. செங்குத்து விளிம்பில் சுவர் 0.76 மிமீ ஆக மெலிந்துவிடும். அடியில் மூன்று விளிம்புகள் கூடும் மூலையில் நிலைமை இன்னும் மோசம். பந்தின் மையத்திலிருந்து உள்மூலை 5.196 மிமீ தூரத்தில் இருக்கிறது, பந்தின் ஆரமோ 5. அதாவது உள்மூலை பந்துக்கு வெளியே நிற்கிறது, அங்கே சுவர் என்று ஒன்று கிடையாது. மென்பொருள் பிழை காட்டினால் அதிர்ஷ்டம். காட்டாமல் பழுதான திடத்தைக் கையில் கொடுத்துவிட்டால், அச்சுக்கு அனுப்பும்போதுதான் தெரியவரும்.

வரிசையை மாற்றினால் போதும். முதலில் 5 மிமீ ஃபில்லட், பிறகு உள்ளே குடையும் Thickness கட்டளை, 2 மிமீ. உள்ளே 3 மிமீ ஆரம் தானாக அமையும், சுவர் எங்கும் ஒரே தடிமன். வெளி ஆரம் 1.5 மட்டும்தான் என்றால் கதை தலைகீழ். உள்ளே போக ஆரமே மிச்சமில்லாததால் அந்த வளைவு மறைந்தாக வேண்டும், குடையும் கட்டளை அங்கேதான் சிக்கும். அப்போது முதலில் குடைந்துவிட்டு ஃபில்லட்டைப் பிறகு போடுவதே சரி. சுவரைச் சற்றே சாய்க்கும் ட்ராஃப்ட் கோணம் தேவையென்றால் அது இந்த எல்லாவற்றுக்கும் முன்னால். வளைவால் இழைந்துவிட்ட முகங்களை அதன் பிறகு சாய்ப்பது வீண் போராட்டம்.

இப்போது பெட்டிக்குள் 8 மிமீ விட்டத்தில், 18 மிமீ உயரத்தில் ஒரு திருகுத் தூண். சுவரிலிருந்து தூண் வரை 3 மிமீ தடிமனும் 15 மிமீ உயரமுமான ரிப் எனும் தாங்குசுவர். ரிப்பின் மேல்விளிம்புகள் இரண்டுக்கும் 1.5 மிமீ கேட்டால் மேல்முகம் முழுதாகக் கரைந்து பிழை வரும். பலர் 1.49 என்று போட்டுத் தப்பிக்கிறார்கள். எனக்கு இந்த வித்தை பிடிக்காது. 0.02 மிமீ அகலத்தில் ஒரு நூல் முகம் மிஞ்சும், அடுத்த ஃபில்லட் அதில்தான் இடறும். முழு அரைவட்டம் வேண்டுமானால் ரிப்பின் ஸ்கெட்ச்சிலேயே வளைவை வரைந்துவிடுங்கள். இல்லையென்றால் 1 மிமீ போதும்.

அந்த 1 மிமீயைத்தான் முதலில் போட வேண்டும், ரிப்பும் தூணும் சேரும் இடத்தின் 1.5 மிமீயை அடுத்ததாக. இணைப்பு விளிம்பு ரிப்பின் பக்கவாட்டில் ஏறி, மேல்மூலையில் சட்டென்று திரும்பி, மறுபக்கம் இறங்குகிறது. மூலை கூராக இருந்தால் அங்கே ஒரு மேடான விளிம்பும் இரண்டு பள்ளமான விளிம்புகளும் முட்டிக்கொள்கின்றன. மேல்விளிம்பை முன்னதாக உருட்டிவிட்டால், இணைப்பு விளிம்பு முறிவில்லாத ஒரே தொடராகிவிடும், பந்து நிற்காமல் சுற்றி வரும். பெரிய ஆரம் முதலில் என்ற பழைய விதி இங்கே பொருந்தாது, கவனியுங்கள்.

இன்னொரு வகைப் பிழை, நேற்று சரியாக இருந்த ஃபில்லட் இன்று சிவப்பாவது. சுவரில் ஒரு துளையை நடுவில் நுழைத்திருப்பீர்கள், விளிம்புகளின் எண்கள் மாறி, ஃபில்லட் பிடித்திருந்த `Edge23` வேறெங்கோ போயிருக்கும். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பு இதைப் பெருமளவு குறைத்தது, முழுதாக ஒழிக்கவில்லை. துளைகளை அழகு ஃபில்லட்டுகளுக்கு முன்னால் வையுங்கள். முடிந்த இடங்களில் விளிம்புக்குப் பதில் முகத்தைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் அடிமுகத்தை ஒரு சொடுக்கில் எடுத்தால் அதன் நான்கு விளிம்புகளும் சேர்ந்தே வரும்.

காரணம் புரியாவிட்டால் ஆரத்தை 0.1 ஆக்கிப் பாருங்கள். நின்றால் இடப் பற்றாக்குறை, எந்த ஆரத்தில் உடைகிறது என்று ஏற்றிக்கொண்டே போனால் தடுக்கும் முகம் தெரிந்துவிடும். 0.1க்கும் நிற்கவில்லையென்றால் ஆரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், பட்டியலிலிருந்து விளிம்புகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பழுது பெரும்பாலும் அந்த விளிம்பை உண்டாக்கிய முந்தைய கட்டளையில் இருக்கும்.